லாப விகிதம் ஏறியது, சரக்கும் தேங்கியது: தணிக்கைத் தேர்வில் இதற்கு என்ன எழுதுவது?

"ஆடிட் பேப்பரில், திட்டமிடல் கட்டத்தில் பகுப்பாய்வு செய்து ரிஸ்க் எழுதச் சொல்லும் கேள்வி வந்தால் விகிதங்களைச் சரியாகத்தான் போடுகிறேன். மொத்த லாப விகிதம் கூடியது, சரக்கு தேங்கியது என்று எழுதவும் செய்கிறேன். இருந்தும் பாதி மார்க்கைத் தாண்டவில்லை. அசாதாரண மாற்றம் என்றால் என்னதான் எழுத வேண்டும்?"

இந்த வகை விடைத்தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன், அதற்கு முன்பு தணிக்கைக் களத்திலும் இருந்திருக்கிறேன். உங்கள் விடையில் விடுபடுவது பெரும்பாலும் ஒன்றுதான்: எதிர்பார்ப்பு. போன வருடத்தோடு ஒப்பிட்டு "கூடியிருக்கிறது", "குறைந்திருக்கிறது" என்று எழுதிவிட்டு அடுத்த விகிதத்துக்குப் போய்விடுகிறீர்கள். ஒரு விகிதம் அசாதாரணமாவது போன வருடத்திலிருந்து விலகுவதால் இல்லை. இந்த வருடம் அந்த நிறுவனத்தில் நடந்தவற்றை வைத்துப் பார்த்தால் எங்கே நின்றிருக்க வேண்டுமோ அங்கிருந்து விலகுவதால்தான். நடந்தவை எல்லாம் கேள்வியின் கதைப் பகுதியில் இருக்கும், எண்கள் தனியாக அட்டவணையில் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் படிப்பவருக்குத்தான் மீதிப் பாதி மார்க்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்து முழுசாகப் போட்டுப் பார்ப்போம். நான் வகுப்பில் வைத்திருக்கும் கேள்வி இது. வீட்டு உபயோக மின்சாதனங்களை மொத்தமாக வாங்கி விற்கும் நிறுவனம், தொகைகள் எல்லாம் லட்சத்தில். போன வருடம் விற்பனை 2,000, விற்ற சரக்கின் அடக்கம் 1,500. மொத்த லாபம் 500, அதாவது 25%. இந்த வருடம் விற்பனை 2,200, அடக்கம் 1,562, மொத்த லாபம் 638, அதாவது 29%. ஆண்டு இறுதிச் சரக்கிருப்பு 250-லிருந்து 385 ஆகியிருக்கிறது. நாட்களில் சொன்னால் 61-லிருந்து 90. வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 274-லிருந்து 422, அதாவது 50 நாளிலிருந்து 70 நாள். நிர்வாகச் செலவும் விநியோகச் செலவும் சேர்ந்து இரண்டு வருடமும் விற்பனையில் 17%.

கதைப் பகுதி இப்படிப் போகும். ஆண்டின் நடுவில் ஒரு போட்டி நிறுவனம் சந்தைக்கு வந்தது. வாடிக்கையாளர்களைத் தக்கவைக்க விற்பனை விலையை எல்லாப் பொருளிலும் 5% குறைத்தார்கள். சப்ளையர்களின் விலையில் மாற்றமில்லை. வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடன் காலம் அதே 45 நாள். புதிய சரக்கு மென்பொருள் ஒன்று வந்தது. இயக்குநர்களின் போனஸ் லாபத்தோடு இணைக்கப்பட்டது. நிதி இயக்குநர், "கொள்முதலைத் திறமையாகச் செய்தோம், அதனால் லாப விகிதம் உயர்ந்தது" என்கிறார்.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். விற்கும் விலை இறங்கியது, வாங்கும் விலை நகரவில்லை. அப்படியானால் லாப விகிதம் எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்? கீழேதான். எவ்வளவு கீழே என்பதையும் சொல்ல முடியும். போன வருட விலையில் 100-க்கு விற்ற பொருளின் அடக்கம் 75. முதல் அரையாண்டில் 100-க்கு விற்று 25 லாபம். இரண்டாம் அரையாண்டில் 95-க்கு விற்று 20 லாபம். இரு பாதியிலும் ஒரே அளவு விற்றதாக வைத்துக்கொண்டால், 195 விற்பனைக்கு 45 லாபம், அதாவது சுமார் 23%. இதுதான் எதிர்பார்ப்பு. கணக்கு காட்டுவது 29%. ஆக, உண்மையான இடைவெளி 4 புள்ளிகள் இல்லை, 6 புள்ளிகள். 25-லிருந்து 29 என்று மட்டும் எழுதிய மாணவர் ரிஸ்க்கின் அளவையே குறைத்துச் சொல்லிவிட்டார்.

அந்த 6 புள்ளிகளைத் தொகையாக மாற்றுங்கள். 23% என்றால் 2,200 விற்பனைக்கு அடக்கம் சுமார் 1,692 இருந்திருக்க வேண்டும். கணக்கில் 1,562. வித்தியாசம் 130. இப்போது நிதி இயக்குநரின் விளக்கத்தை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். கொள்முதல் திறமை மட்டுமே காரணம் என்றால், வருடம் முழுவதும் சராசரியாக ஏறத்தாழ 8% மலிவாக வாங்கியிருக்க வேண்டும். சப்ளையர் விலை மாறவில்லை என்று கேள்வியே சொல்கிறது. அவர் விளக்கம் எண்ணோடு ஒட்டவில்லை என்று இந்த ஒரு வரியை விடையில் எழுதினால் போதும். அவர் பொய் சொல்கிறார் என்று எழுதத் தேவையில்லை, எழுதவும் கூடாது. விளக்கத்தை அப்படியே காப்பி அடித்து, "திறமையான கொள்முதலால் லாபம் உயர்ந்துள்ளது, எனவே ரிஸ்க் குறைவு" என்று எழுதும் தாள்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். தேர்வுக் கேள்வியில் நிர்வாகத்தின் விளக்கம் வருவதே நீங்கள் அதை எண்களோடு மோதவிட்டுப் பார்ப்பீர்களா என்று சோதிக்கத்தான்.

சரி, அந்த 130 எங்கே ஒளிந்திருக்கிறது? இரட்டைப் பதிவு முறையின் உதவி இங்கேதான். லாபம் தவறாக ஏறியிருந்தால் அதன் மறுபக்கம் இருப்புநிலைக் குறிப்பில் எங்கேயோ உட்கார்ந்திருக்க வேண்டும்: ஒன்று ஒரு சொத்து ஊதியிருக்கும், அல்லது ஒரு பொறுப்பு சுருங்கியிருக்கும். லாப விகிதத்தைத் தனியாகவும் சரக்கு நாட்களைத் தனியாகவும் இரண்டு தனித்தனி ரிஸ்க்காக எழுதாமல், ஒரே விஷயத்தின் இரண்டு முனைகளாக முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். தொடக்க இருப்பு, கூட்டு கொள்முதல், கழி இறுதி இருப்பு: இதுதான் அடக்கம். இறுதி இருப்பு எவ்வளவு கூடுதலாக எழுதப்படுகிறதோ அவ்வளவு அடக்கம் குறையும், அவ்வளவு லாபம் கூடும். 385-லிருந்து 130-ஐக் கழித்தால் 255. அடக்கம் 1,692-க்கு அது 55 நாள். போன வருடத்தின் 61 நாளுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரே ஒரு தவறை, இறுதிச் சரக்கிருப்பு மிகைப்பட்டிருப்பதை, எடுத்துக்கொண்டால் லாப விகிதமும் சரக்கு நாட்களும் இரண்டுமே சேர்ந்து எதிர்பார்த்த இடத்துக்குத் திரும்புகின்றன. இப்படிப் பொருந்துவது ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் எங்கே முதலில் தோண்ட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. திட்டமிடல் கட்டத்தில் நமக்குத் தேவை அவ்வளவுதான்.

நல்ல விடை இதோடு நிற்காது. மாற்று விளக்கங்களை எடுத்து அவை எந்த விகிதத்தை நகர்த்தும், எதை நகர்த்தாது என்று பார்க்கும். மாணவர்கள் அதிகம் சறுக்கும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். சரக்கு நாட்கள் கூடினால் உடனே "பழைய சரக்கு தேங்கியுள்ளது, நிகர விற்பனை மதிப்பு அடக்கத்தை விடக் குறையலாம்" என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. சரக்குக்கான கணக்கியல் விதிமுறையான ஐஏஎஸ் 2-இன்படி சரக்கை அடக்கம், நிகர விற்பனை மதிப்பு இரண்டில் குறைந்ததில் காட்ட வேண்டும், அதனால் இது உண்மையான ரிஸ்க்தான். ஆனால் இது 90 நாளை விளக்குமே தவிர 29%-ஐ விளக்காது. விற்காத சரக்கு சரியான அடக்கத்தில் கிடங்கில் இருந்தால், விற்ற சரக்கின் லாப விகிதம் அதனால் ஏறாது. மதிப்பைக் குறைத்து எழுதாமல் விட்டது, இறங்க வேண்டிய லாபத்தை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். ஆனால் 23-இல் இருக்க வேண்டியதை 29-க்குத் தூக்கிவிடாது. இன்னொன்று, 95-க்கு விற்கும் பொருளின் அடக்கம் 75 என்னும்போது, 5% விலைக் குறைப்பு மட்டுமே எல்லாச் சரக்கையும் அடக்கத்துக்குக் கீழே தள்ளிவிடாது. பழைய மாடல்கள், சேதமானவை என்று சில வகைகளில்தான் அந்தக் கவலை. தேக்க ரிஸ்க்கை எழுதுங்கள், ஆனால் லாப விகித உயர்வுக்கு அதைக் காரணமாகக் காட்டாதீர்கள்.

அடுத்தது விற்பனைக் கட்-ஆஃப், அதாவது விற்பனை அதற்குரிய வருடத்தில்தான் பதியப்பட்டதா என்பது. வரவேண்டிய பாக்கி 70 நாளுக்குப் போயிருக்கிறது, கடன் காலமோ மாறவில்லை. போன வருடம் போலவே 50 நாள் என்றால் பாக்கி சுமார் 301 இருந்திருக்கும். 121 அதிகமாக இருக்கிறது. அடுத்த வருட விற்பனையை முன்கூட்டியே இந்த வருடத்தில் போட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பது நியாயம். ஆனால் இதற்குள்ளேயே இரண்டு வகை உண்டு, அவை விகிதங்களில் வெவ்வேறு தடம் பதிக்கும். பில் போட்டு, சரக்கையும் இருப்பிலிருந்து கழித்துவிட்டார்கள் என்றால், விற்பனையும் அடக்கமும் சேர்ந்தே கூடும். லாபத் தொகை கூடினாலும் லாப விகிதம் பெரிதாக நகராது, சரக்கு நாட்கள் குறையும். நம் கேள்வியில் சரக்கு கூடியிருக்கிறது, அதனால் இந்த வகை ஒட்டவில்லை. பில்லை மட்டும் போட்டுவிட்டு, கிடங்கிலேயே இருக்கும் சரக்கை ஆண்டு இறுதியில் எண்ணியும் விட்டார்கள் என்றால், விற்பனை கூடும், அடக்கம் கூடாது, அந்த 121 முழுவதும் லாபமாக வந்து விழும். அதை நீக்கிப் பாருங்கள்: விற்பனை 2,079, லாபம் 517, விகிதம் சுமார் 25%. எதிர்பார்த்த 23-க்கு இன்னும் வரவில்லை, சரக்கும் 90 நாளிலேயே நிற்கிறது. ஆகவே இது ஒரு பகுதியை விளக்கலாம், முழுவதையும் விளக்காது. இரண்டு தவறுகளும் சேர்ந்தே இருக்கலாம்.

பாக்கி கூடியதற்கு இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. போட்டி வந்ததும் வாடிக்கையாளர்கள் இழுத்தடித்துக் கட்டுகிறார்கள், நிறுவனமும் இழந்துவிடுவோமோ என்று கேட்காமல் விடுகிறது. அப்படியானால் வராக்கடனுக்கான ஒதுக்கீடு போதுமா என்பதுதான் ரிஸ்க். அது மொத்த லாப விகிதத்தைத் தொடாது. ஒரே 70 நாளுக்கு இப்படி இரண்டு ரிஸ்க்குகள், இரண்டு வெவ்வேறு சோதனைகள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பி எழுதினால் திருத்துபவர் ஒன்றுக்குத்தான் மார்க் தர முடியும்.

கொள்முதல் பக்கம் ஒரு சாத்தியம். ஆண்டு இறுதிக்கு முன் வந்த சரக்கை எண்ணிவிட்டு, அதன் பில்லைப் பதியாமல் விட்டிருக்கலாம். அப்போதும் லாப விகிதம் ஏறும். ஆனால் தரவேண்டிய பாக்கி சுருங்கியிருக்க வேண்டும். கேள்வியில் அது 200-லிருந்து 205 என்று கொடுத்திருக்கிறேன். இந்த வருடக் கொள்முதல் எவ்வளவு என்று கேள்வி சொல்லாது, ஆனால் கண்டுபிடிக்கலாம்: அடக்கம் 1,562, கூட்டு இறுதி இருப்பு 385, கழி தொடக்க இருப்பு 250, ஆக 1,697. அதற்கு 205 என்பது 44 நாள். போன வருடம் 48 நாள். 4 நாள் வித்தியாசம் தொகையில் 20-க்குக் கொஞ்சம் குறைவுதான். 130 முழுவதும் பதியாத பில்தான் என்றால், பதிந்த பிறகு தரவேண்டிய பாக்கி 335 ஆகிவிடும், 67 நாள். 48 நாளில் கட்டிவந்த நிறுவனத்துக்கு அது பொருந்தவில்லை. எனவே இது சிறு பகுதியாக இருக்கலாம், முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. தேர்வில் இவ்வளவு ஆழம் போக நேரம் இருக்காது. "தரவேண்டிய பாக்கி நாட்கள் சற்றே குறைந்துள்ளன, கொள்முதல் கட்-ஆஃபையும் பார்க்க வேண்டும்" என்ற ஒரு வரி போதும்.

கடைசியாக வகைப்படுத்தல். அடக்கத்தில் வர வேண்டிய செலவை விநியோகச் செலவில் போட்டாலும் மொத்த லாப விகிதம் ஏறும். ஆனால் அப்போது கீழே உள்ள செலவு விகிதம் அதே அளவு வீங்கியிருக்கும். இங்கே அது 17-இல் அசையாமல் நிற்கிறது. மொத்த லாபத்தில் ஏறிய 4 புள்ளிகளும் அப்படியே இயக்க லாபத்துக்கு இறங்கி, 8% என்பது 12% ஆகியிருக்கிறது. இந்த ஒரு பார்வையில் வகைப்படுத்தலை ஓரம் வைத்துவிடலாம். செலவு விகிதத்தைக் கேள்வியில் கொடுத்திருப்பதே இதற்காகத்தான், பலர் அதைத் தொடுவதே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துக்கொள்வோம். உறுதியானது: கேள்வியில் சொன்ன நடப்புகளோடு 29% ஒத்துப்போகவில்லை, நிர்வாகத்தின் விளக்கம் அதை நிரப்பவில்லை. அநேகமாகச் சரி என்று சொல்லக்கூடியது: சரக்கிருப்பு மிகைப்பட்டிருக்கும் ரிஸ்க் பெரியது, விற்பனைக் கட்-ஆஃப் அடுத்தது. சொல்லவே முடியாதது: தவறு உண்மையில் நடந்திருக்கிறதா, நடந்திருந்தால் தெரியாமல் நடந்ததா, தெரிந்தே செய்ததா என்பது. என் 23% கணக்கிலேயே இரு பாதியிலும் ஒரே அளவு விற்றதாக எடுத்துக்கொண்டேன். விலைக் குறைப்புக்கு முன்பே பெரும்பகுதி விற்றிருந்தால் அது 24-க்கு மேலேயும் போகலாம். அதிக லாபம் தரும் பொருள்களின் பங்கு கூடியிருந்தாலும் எதிர்பார்ப்பு மாறும். ஆனால் விலைக் குறைப்பே இல்லாத முதல் பாதியிலேயே 25%தான். பொருள் கலவை மாறாமல் இருக்கும்வரை 25-ஐத் தாண்ட வழியில்லை. அதனால் முடிவு தாங்கும். விடையில், "பொருள் வாரியான லாப விகிதத்தைக் கேட்டுப் பெற்று, கலவை மாறியதா என்று பார்க்க வேண்டும்" என்று எழுதுவது இந்த வரம்பை நீங்கள் உணர்ந்ததைக் காட்டும்.

களத்தில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தணிக்கைக்கு வந்த மூன்றாவது வருடம், ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் இதே மாதிரி லாப விகிதம் காரணமில்லாமல் ஏறியிருந்தது. "நல்ல வருடம்" என்ற விளக்கத்தைத் திட்டமிடல் கோப்பில் நானே எழுதி வைத்தேன். சரக்கு எண்ணிக்கைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோதுதான் தெரிந்தது. ஒரு பொருளை உதிரியாக எண்ணி 1,440 என்று குறித்திருந்தார்கள். விலைப்பட்டியலில் இருந்ததோ 12 கொண்ட ஒரு பெட்டியின் அடக்கம், 600. புதிய மென்பொருள் 1,440-ஐ 600-ஆல் பெருக்கி 8,64,000 என்று போட்டிருந்தது. சரியான மதிப்பு 120 பெட்டிக்கு 72,000. அதே மாதிரி இன்னும் சில வரிகள். யாரும் ஏமாற்றவில்லை. கேள்வியில் "புதிய மென்பொருள்" என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. அலகு மாற்றம், பழைய தரவை ஏற்றியபோது வந்த பிழை, அடக்க விலை தவறாக ஏறியது: இவை எல்லாம் சரக்கு மதிப்பை ஊதச் செய்யும் உண்மையான வழிகள்.

இப்போது விடைத்தாளில் எழுதும் முறை. ரிஸ்க் என்பது கணக்கின் பெயர், பிழையின் திசை, எந்த அசெர்ஷன், அதாவது அந்தக் கணக்கைப் பற்றி நிர்வாகம் சொல்வதில் எந்தக் கூற்று தவறாகலாம், என்ற மூன்றும் இருந்தால்தான் தணிக்கை ரிஸ்க். "போட்டியால் வாடிக்கையாளரை இழக்கலாம்" என்பது வணிக ரிஸ்க், அதற்கு இங்கே மார்க் இல்லை. நான் முழு மார்க் தரும் பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"மொத்த லாப விகிதம் 25%-லிருந்து 29%-ஆக உயர்ந்துள்ளது. விற்பனை விலை ஆண்டின் நடுவில் 5% குறைக்கப்பட்டு, கொள்முதல் விலை மாறாத நிலையில், விகிதம் சுமார் 23%-ஆகக் குறைந்திருக்க வேண்டும். அதே சமயம் சரக்கு நாட்கள் 61-லிருந்து 90-ஆக உயர்ந்துள்ளன. இரண்டும் சேர்ந்து, இறுதிச் சரக்கிருப்பு மிகையாகவும் விற்ற சரக்கின் அடக்கம் குறைவாகவும் காட்டப்பட்டிருக்கும் ரிஸ்க்கைச் சுட்டுகின்றன (இருப்பின் உண்மை, மதிப்பீடு). ஆண்டுக்குள் மென்பொருள் மாற்றப்பட்டது இந்த ரிஸ்க்கை உயர்த்துகிறது. இயக்குநர் போனஸ் லாபத்தோடு இணைந்திருப்பதால் வேண்டுமென்றே செய்த திரிப்புக்கும் தூண்டுதல் உள்ளது."

அதற்கடுத்து வரும் நடவடிக்கை இந்த ரிஸ்க்கிலிருந்தே பிறக்க வேண்டும். "சரக்கைச் சரிபார்க்கவும்" என்பது விடையே இல்லை. மிகைப்பாடுதான் பயம் என்பதால், திசை முக்கியம்: பதிவிலிருந்து பெரிய தொகை வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கிடங்குக்குப் போய் அந்தச் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடங்கிலிருந்து பதிவுக்குப் போனால் விடுபட்டதைத்தான் கண்டுபிடிப்பீர்கள், இங்கே அது பயமில்லை. அலகு விலையை சப்ளையர் பில்லோடு ஒப்பிடும்போது, எண்ணிய அலகும் பில்லின் அலகும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஆண்டு இறுதிக்குப் பிறகு விற்ற விலையைப் பார்த்தால் மதிப்புக் குறைப்பு தேவையா என்று தெரியும். விற்பனைக்கு, ஆண்டு இறுதிக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கான சரக்கு அனுப்பு சீட்டுகளை பில்களோடும் எண்ணிக்கைத் தாள்களோடும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். பில் போட்டும் கிடங்கில் எண்ணப்பட்ட சரக்கு அங்கேதான் மாட்டும். அடுத்த மாதத்தில் போட்ட கிரெடிட் நோட்டுகளும், பாக்கிக்கு எதிராக வந்த பணமும், மேலே பிரித்துச் சொன்ன இரண்டு ரிஸ்க்குகளில் எது உண்மை என்று காட்டிவிடும்.

சர்வதேசத் தணிக்கை விதிமுறையான ஐஎஸ்ஏ-வின் எண்ணை எழுத நினைப்பவர்களுக்கு ஒரு திருத்தம். திட்டமிடலில் பகுப்பாய்வு நடைமுறைகள் கட்டாயம் என்பது ஐஎஸ்ஏ 315-இல் வருகிறது. ஐஎஸ்ஏ 520, விரிவான சோதனைக் கட்டத்தில் செய்யும் பகுப்பாய்வையும், முடிவில் ஒட்டுமொத்தமாகச் செய்யும் பகுப்பாய்வையும் பற்றியது. இதை மாற்றி எழுதுபவர்கள் நிறைய. அசாதாரணத் தொடர்பு மோசடிக்கான ரிஸ்க்கைக் காட்டுகிறதா என்று யோசிக்கச் சொல்வது ஐஎஸ்ஏ 240. வருமானத்தில் மோசடி ரிஸ்க் உண்டு என்று எடுத்துக்கொண்டே தொடங்க வேண்டும் என்பதும் அதில்தான். எண் நினைவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தப்பான எண்ணை விட எண் இல்லாத நல்ல காரணம் மேல்.

கணக்குப் போடும்போது இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். திட்டமிடல் என்பதால் சில கேள்விகளில் இந்த வருட எண்கள் 10 மாதத்துக்குத்தான் இருக்கும். லாப விகிதத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் நாட்கள் கணக்கில் 365-ஐ வைத்தால் எல்லாமே பெரிதாகிவிடும், இல்லாத தேக்கத்தைக் கண்டுபிடிப்பீர்கள். 10 மாதத்துக்குரிய நாட்களை வைக்க வேண்டும். இன்னொன்று, ஆண்டின் நடுவில் வேறொரு நிறுவனத்தை வாங்கியிருந்தால் ஆண்டு இறுதிப் பாக்கி முழுவதும் இருக்கும், விற்பனையோ சில மாதங்களுக்குத்தான் இருக்கும். அங்கே நாட்கள் கூடுவது கணக்குப் போடும் முறையின் விளைவு, ரிஸ்க் இல்லை.

அப்புறம், மாறாத விகிதத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இதே கேள்வியில் இந்த வருட லாப விகிதத்தை 25% என்றே வைத்து ஒருமுறை வகுப்புக்குக் கொடுத்தேன். "மாற்றமில்லை, ரிஸ்க் இல்லை" என்று பெரும்பாலோர் எழுதினார்கள். 23-க்கு இறங்கியிருக்க வேண்டியது 25-இல் நிற்கிறது என்றால், 2,200 விற்பனையில் சுமார் 42 லட்சத்துக்கு விளக்கம் இல்லை. அதையும் மேலே 130-ஐத் தேடிய அதே வழியில்தான் தேட வேண்டும்: முதலில் சரக்கு, பிறகு கட்-ஆஃப், பிறகு பதியாத கொள்முதல்.